நடவுப் பாட்டின் தாளத்திற்கு அசைவூட்டப் படம்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் வருவது இயற்கை. அதனால் முதலில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். இப்போது நீங்கள் கேட்டது வெண்ணாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி பாடிய நடவுப் பாட்டு. ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவானது. இந்தப் பாட்டுக்கு எங்கள் பிள்ளைகள் வரைந்த படங்களைப் பொருத்தி, விதை நெல்லில் தொடங்கி அறுவடை வரைக்கும் ஒரு சிறிய அசைவூட்டக் காணொலி செய்தோம். படங்கள் வரைவதற்கு இரண்டு வாரம் ஆனது. பாட்டோடு அவற்றைச் சேர்ப்பதற்கு நான் பட்ட பாடு அதைவிட அதிகம். அந்தப் பாட்டைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நீங்களும் வகுப்பில் இதுபோல் முயன்றிருப்பீர்கள். படங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அடியில் ஒரு பாட்டை ஓடவிட்டால் பார்க்க எப்படியோ இருக்கும். படமும் நன்றாக இருக்கும், பாட்டும் நன்றாக இருக்கும், இரண்டும் பேசிக்கொள்ளாது. படம் மாறுகிற இடம் பாட்டின் தட்டு விழுகிற இடத்தில் அமையாததுதான் காரணம். காதுக்குத் தட்டு கேட்கும்போதே கண்ணுக்கும் ஒரு மாற்றம் தெரிந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதற்கு நமக்கு உதவுவது ஒலியின் அலைவடிவம். காணொலித் தொகுப்பு மென்பொருளில் பாட்டை வைத்தவுடன் மேடும் பள்ளமுமாக ஒரு பட்டை தெரியுமே, அதுதான். அதைப் பார்த்து, தட்டு விழும் இடங்களில் குறி வைத்துக்கொண்டு, அந்தக் குறிகளில் படத்தை வெட்ட வேண்டும்.

நான் பயன்படுத்தியது Kdenlive என்ற இலவச மென்பொருள். விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். முதலில் வினாடிக்கு 25 பிரேம் என்று அமைத்துக்கொண்டேன். அதாவது ஒரு பிரேம் என்பது ஒரு வினாடியில் 25-இல் ஒரு பங்கு, 40 மில்லி வினாடி. பாட்டை டைம்லைனில் இழுத்துப் போட்டு, அந்தத் தடத்தின் உயரத்தைக் கூட்டினால் அலைவடிவம் நன்றாகத் தெரியும். பாட்டை ஓடவிட்டுக்கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் விசைப்பலகையில் G விசையை அழுத்தினால் மேலே ஒரு குறி விழும். அதை அந்த மென்பொருள் Guide என்கிறது. மற்ற பல மென்பொருள்களில் இதற்கு M விசை, பெயர் மார்க்கர். காந்தம் போன்ற பொத்தானை இயக்கி வைத்திருந்தால், படத்தின் ஓரத்தை இழுக்கும்போது அது தானாகப் போய்க் குறியில் ஒட்டிக்கொள்ளும். வேலை அவ்வளவுதான். ஆனால் குறி எங்கே விழ வேண்டும் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

பாட்டிக்கு முன்னால் தப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழகுவதற்காக நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டது ஒரு மாணவனின் அப்பா அடித்த தப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் பறையைத் தப்பு என்றுதான் சொல்வோம். ஒரு கையில் கனமான அடிக்குச்சி, மறுகையில் மெல்லிய சிண்டுக்குச்சி. இதன் அலைவடிவத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும். அடிக்குச்சி விழுந்த இடம் உயரமான ஊசி, சிண்டுக்குச்சி விழுந்த இடம் குட்டையான ஊசி. நடுவில் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். ஊசியின் இடது ஓரம் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். குறியை அந்தச் சுவரில் சாய்த்து வைத்தால் முடிந்தது. எல்லா ஊசிக்கும் குறி வைக்கலாம், ஆனால் எல்லாக் குறியிலும் வெட்டக் கூடாது. சிண்டுக்குச்சி அடிகளில் எல்லாம் படம் மாறினால் ஒரு படம் ஆறேழு பிரேம்தான் நிற்கும். என்ன பார்த்தோம் என்று தெரிவதற்குள் போய்விடும். அடிக்குச்சியில் மட்டும் வெட்டினோம், சரியாக வந்தது.

இந்தத் தைரியத்தில்தான் பாட்டியின் பாட்டுக்கு வந்தேன். பாட்டி பாடியதில் தப்பும் இல்லை, தவிலும் இல்லை. வயலில் நடவுப் பாட்டுக்குத் தனியாக மேளம் ஏது? நாற்றைச் சேற்றில் ஊன்றுகிற கைதான் தாளம். பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியில் பதிவு செய்தோம். விசிறி ஓடினால் அலைவடிவத்தின் நடுக்கோடு தடித்துப் போய், மெல்லிய ஒலிகளின் தொடக்கம் அதில் மறைந்துவிடும். திரையில் பார்த்தால் ஊசியே இல்லை. வரிசையாகக் குன்றுகள். எது தட்டு என்று தெரியவில்லை.

இங்கே எனக்கு வழிகாட்டியது தமிழாசிரியர்கள் கற்றுக்கொடுக்கிற பாடம்தான். வல்லினம், மெல்லினம், இடையினம். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாட்டில் ‘க்க’, ‘ட்ட’, ‘த்த’, ‘ப்ப’ என்று வல்லினம் இரட்டித்து வருகிற இடங்களில் அலை அறுந்துபோய்ச் சில பிரேம்களுக்கு ஒரு வெற்றிடம் தெரியும். அந்த மெய்யைச் சொல்லும்போது நம் வாய் உண்மையிலேயே மூச்சை அடைத்துவிடுகிறது. பிறகு திறக்கும்போது ஒரு சிறு வெடிப்பு, அதையொட்டி உயிரொலியின் குன்று எழும். மெல்லினமும் இடையினமும் வரும் இடங்களில் இப்படி அறுபடாது. ஒரு குன்று அடுத்த குன்றோடு வழுக்கிச் சேர்ந்துவிடும். ஒற்றையாக உயிர்களுக்கு நடுவில் வரும் ககரமும் தகரமும்கூட அப்படித்தான், ஏனென்றால் அங்கே நாம் அவற்றை மென்மையாகத்தான் ஒலிக்கிறோம். ஆகவே முதலில் வெற்றிடம் தெரிகிற இரட்டை வல்லின இடங்களைப் பிடித்துக்கொண்டேன். அவை நம்பகமான முளைகள். நடுவில் இருக்கிற தட்டுகளைக் காதால் கேட்டு நிரப்பினேன்.

குறியை வைக்க வேண்டியது குன்றின் உச்சியில் அல்ல. நான் செய்த முதல் தவறு இதுதான். தப்பில் சுவரும் உச்சியும் கிட்டத்தட்ட ஒரே பிரேமுக்குள் வந்துவிடும், எதில் வைத்தாலும் கவலையில்லை. குரலில் அப்படி இல்லை. பாட்டி ஒரு எழுத்தை நீட்டிப் பாடும்போது ஒலி மெல்ல எழுந்து, ஐந்தாறு பிரேம் கழித்துத்தான் உச்சிக்குப் போகிறது. உச்சியில் வெட்டினால் படம் எல்லா இடத்திலும் சோம்பேறித்தனமாகப் பின்னால் வருவதுபோல் இருக்கும். நம் காது தட்டாக எடுத்துக்கொள்வது உயிரொலி தொடங்குகிற இடத்தை. அதாவது குன்றின் அடிவாரம், மேட்டில் ஏறத் தொடங்குகிற இடம். குறி அங்கேதான்.

இன்னொன்று, ஓடுகிற பாட்டுக்கு விசையை அழுத்தி வைத்த குறிகளை அப்படியே நம்பாதீர்கள். பழகாத பாட்டென்றால் கேட்டபின்தான் விரல் அசையும், குறி தாமதமாக விழும். பழகிய பாட்டென்றால் விரல் முந்திக்கொள்ளும். இதில் கணினி வேறு தன் பங்குக்குத் தாமதம் செய்யும். எங்கள் பள்ளியின் பழைய மடிக்கணினியில் எல்லாக் குறிகளும் நான்கு பிரேம் தள்ளி விழுந்திருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவு தள்ளியிருந்தால் அது கணினியின் தாமதம். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று சிதறியிருந்தால் அது நம் விரல். எப்படியானாலும் அழுத்தி வைத்தது முதல் வரைவுதான். பிறகு நிறுத்தி, பெரிதாக்கி, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிரேமாக நகர்ந்து, அடிவாரத்தைக் கண்டு, தவறான குறியை நீக்கிச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். அறுபது குறிக்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

ஆனால் இந்தப் பொறுமை எனக்கு முதலிலேயே வந்துவிடவில்லை. குறுக்கு வழி ஒன்று பார்த்தேன். கணக்குப் பாடம் எடுக்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பாட்டின் தொடக்கத்தில் பத்து இடைவெளிகளை அளந்து பார்த்தால் மொத்தம் 9.2 வினாடி. ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு 0.92 வினாடி, அதாவது 23 பிரேம். அப்புறம் என்ன, 23 பிரேமுக்கு ஒரு வெட்டு என்று கடைசி வரைக்கும் போட்டுக்கொண்டே போனால் முடிந்தது என்று போட்டுவிட்டேன். முதல் பதினாறு தட்டு வரை அருமையாக வந்தது. அங்கே பாட்டி மூச்சு வாங்கினார். அரைத் தட்டு நேரம். என் கட்டம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெட்டும் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் விழுந்தது. தாளத்தில் கொஞ்சம் தள்ளியிருப்பதைவிட நடுவில் விழுவது மோசம், வேண்டுமென்றே எதிர்த்தாளம் போடுவதுபோல் இருக்கும். வேடிக்கை என்னவென்றால் பாட்டின் நடுப்பகுதியில் சில தட்டுகளுக்குத் தானாகவே சரியாகிவிட்டது. அதைப் பார்த்து, ‘அட, சரியாகத்தானே இருக்கிறது’ என்று ஒரு நாள் ஏமாந்தேன். பிறகு மறுபடியும் நழுவியது.

என்ன நடக்கிறது என்று பார்க்க Audacity என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் அதே பாட்டைத் திறந்தேன். அதில் பாட்டு ஓடும்போது Ctrl+M அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு அடையாளம் விழும். அவற்றைத் திருத்திய பிறகு ஒரு எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளலாம். முதல் நான்கு தட்டும் கடைசி நான்கு தட்டும் இப்படி இருந்தன. முதல் எண் தட்டு தொடங்கும் வினாடி, இரண்டாவது முடியும் வினாடி, கடைசியில் நான் இட்ட பெயர்.

```
2.310000	2.310000	1
3.232000	3.232000	2
4.148000	4.148000	3
5.071000	5.071000	4

52.604000	52.604000	57
53.410000	53.410000	58
54.206000	54.206000	59
55.010000	55.010000	60
```

வினாடியை 25-ஆல் பெருக்கி அருகிலுள்ள முழு எண்ணை எடுத்தால் பிரேம் எண் கிடைக்கும். முதல் நான்கும் 58, 81, 104, 127. இடைவெளி 23. கடைசி நான்கும் 1315, 1335, 1355, 1375. இடைவெளி 20. பாட்டு போகப் போக வேகமெடுத்திருக்கிறது. நடுவில் ஆங்காங்கே மூச்சுக்கு நிறுத்தம் வேறு. வேகம் தட்டுகளை முன்னால் தள்ள, மூச்சு பின்னால் தள்ள, இரண்டும் சமமான ஓரிடத்தில்தான் தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது.

இந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு இன்னொரு விபரீத யோசனை வந்தது. பாட்டியின் பாட்டையே இழுத்துப் பிடித்து ஒரே வேகமாக்கிவிட்டால்? சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றுகிற வசதி அதே மென்பொருளில் இருக்கிறது. ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, கடைசிப் பகுதியை மெதுவாக்கி, மூச்சு இடைவெளிகளை வெட்டி எறிந்து, சீராக்கிவிட்டேன். என் 23 பிரேம் கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. பெருமையோடு பாட்டியை வரச்சொல்லிப் போட்டுக் காட்டினேன்.

கேட்டுவிட்டு, “என்ன டீச்சர் இது, நெல்லு மில்லு ஓடுறாப்புல இருக்கு. நான் இப்படியா பாடுனேன்?” என்றார்.

“கடைசியில வேகமாப் பாடிட்டீங்க பாட்டி. அதைத்தான் சரி பண்ணினேன்” என்றேன்.

“வேகமாத்தான் வரும். வரப்புகிட்ட வந்துட்டா கை தானா ஓடும்ல? பத்துப் பேரும் ஒண்ணா வரப்பு ஏறணும். பாட்டு இழுத்துக்கிட்டுப் போனாத்தான் பிந்துனவ வந்து சேருவா.”

பாட்டின் வேகம் கூடியதைப் பிசகு என்று நினைத்திருந்தேன். அது வேலையின் கணக்கு. வரிசையில் பிந்திவிட்ட ஒருத்தியை மற்றவர்களோடு சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இன்று எங்கள் பக்கம் குறுவைக்கும் சம்பாவுக்கும் நடவு இயந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பாட்டைக் கேட்காமலேயே வளர்கிற பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அதில் இருந்த செய்தியை நானே அழித்திருக்கிறேன். அந்தப் பிரதியை நீக்கிவிட்டு, மூலப்பதிவுக்குத் திரும்பி, அறுபது குறிகளையும் அலைவடிவைப் பார்த்துக் கையாலேயே வைத்தேன்.

கட்டம் போட்டு வேலை செய்வது எப்போதுமே தவறு என்று நான் சொல்லவில்லை. 1928-இல் டிஸ்னி நிறுவனத்தார் ‘ஸ்டீம்போட் வில்லி’ எடுத்தபோது அப்படித்தான் செய்தார்கள். வில்ஃபிரெட் ஜாக்சன் என்ற அசைவூட்டக் கலைஞர் மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியைக் கொண்டுவந்து, வினாடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்று கணக்கிட்டு, அதன்படி படம் வரைந்தார்கள். பிறகு இசைக்குழு அந்தப் படத்துக்குப் பொருந்தும்படி வாசித்தது. அங்கே கட்டம் முதலில், இசை பிறகு. இசைக்கிறவர்கள் கட்டத்துக்குக் கட்டுப்பட்டார்கள். கணினியில் செய்த தாள ஒலிகளும் அப்படியே, ஒரு தடவை அளந்தால் கடைசி வரை பொருந்தும். மனிதர் முதலில் பாடி, நாம் பிறகு படம் பொருத்துகிறோம் என்றால் அந்தக் கணக்கு உதவாது.

சரி, குறிகள் வந்துவிட்டன. அவற்றில் எதைப் பொருத்துவது? பெரிய படங்கள், அதாவது நாற்றங்கால், வயல், கதிர் என்று காட்சி மாறுகிற இடங்களை நான்கு தட்டுக்கு ஒரு தடவை வெட்டினோம். தொடக்கத்தில் அது 92 பிரேம், கடைசியில் 80 பிரேம். பார்க்கிறவர் எண்ண மாட்டார், ஆனால் வரப்பு நெருங்குகிற பரபரப்பு அவருக்குத் தெரியும்.

நாற்று ஊன்றும் கையின் அசைவு இதைவிடக் கவனமான வேலை. முதலில் என் மாணவர்கள் குறியில் கையை இறக்கத் தொடங்கினார்கள். கை சேற்றைத் தொடுவதற்குள் தட்டு முடிந்துவிட்டது. தட்டு என்பது தொடுகிற கணம், புறப்படுகிற கணம் அல்ல. அதனால் கை சேற்றில் பதிந்த படத்தை முதலில் குறியில் வைத்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணினோம். இறங்குகிற கைக்கு மூன்று படம், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரேம், ஆக ஒன்பது பிரேம் குறிக்கு முன்னால். குறியில் பதிந்த கை ஆறு பிரேம். பிறகு எழுகிற கை எட்டு பிரேம். கூட்டினால் 23. பாட்டு வேகமெடுத்து 20 ஆனபோது எங்கே மூன்று பிரேமைக் குறைப்பது என்று ஒரு விவாதமே நடந்தது. இறங்கும் கையைக் குறைத்துப் பார்த்தோம், நாற்றைக் குத்தி எறிவது மாதிரி ஆகிவிட்டது. அதை ஒன்பதிலேயே விட்டு, பதிந்து நிற்பதில் ஒன்றையும் எழுவதில் இரண்டையும் குறைத்தோம். சரியாக வந்தது. வேகமாக வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும், ஊன்றும்போது நிதானம், எழும்போது விறுவிறுப்பு. இந்த முடிவை எடுத்தது நான் அல்ல, வயலில் அம்மாவோடு நின்றிருக்கிற ஒரு மாணவி.

குறியிலேயே துல்லியமாக வெட்டியும் சில இடங்களில் படம் கொஞ்சம் பிந்துவதுபோல் தோன்றினால் வெட்டை ஒரு பிரேம் முன்னால் நகர்த்திப் பாருங்கள். பின்னால் நகர்த்தாதீர்கள். ஆற்றின் எதிர்க்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் படுவது முதலில் தெரியும், ஓசை பிறகு வரும். நூறு மீட்டர் தூரம் என்றால் ஏறக்குறைய 0.3 வினாடி. காட்சி முந்துவது நமக்குப் பழக்கம். ஓசை முந்துவது இயற்கையில் நடப்பதே இல்லை, அதனால் உடனே உறுத்தும். ஒளிபரப்புக்கான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையிலும் இது இருக்கிறது. ஓசை 45 மில்லி வினாடி முந்தினாலே கவனிக்கப்படும், பிந்துவதென்றால் 125 வரை தெரியாது. நம் கணக்கில் ஒரு பிரேமுக்கும் மூன்று பிரேமுக்கும் உள்ள வித்தியாசம்.

இடையில் நடந்த இரண்டு விபத்துகளையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் நடக்கும். எல்லாம் பொருத்தி முடித்தபின், முன்னால் பள்ளியின் பெயரோடு நான்கு வினாடித் தலைப்பு வேண்டும் என்று பாட்டை நூறு பிரேம் தள்ளினேன். பாட்டு தள்ளியது, மேலே இருந்த Guide குறிகள் தள்ளவில்லை. அவை டைம்லைனில் அடித்த முளைகள். மாட்டின் கழுத்தில் கட்டிய மணிபோல ஒலித் துண்டோடு சேர்ந்தே நகர்கிற குறி வேறு, அதற்கு Marker என்று அதே மென்பொருளில் தனி ஏற்பாடு இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், அல்லது தலைப்புக்கான இடத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். நான் மீண்டும் ஒரு மாலைப்பொழுதை இழந்தேன்.

இரண்டாவது, திரையிட்ட அன்று. மடிக்கணினியில் சரியாக இருந்த படம் வகுப்பறையில் போட்டவுடன் எல்லா இடத்திலும் தாளத்துக்கு முன்னால் ஓடியது. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. என் வயிற்றிலும் புளி கரைத்தது. பார்த்தால், ஒலிபெருக்கி புளூடூத். கம்பியில்லாமல் போகிற ஒலி சில பிரேம்கள் தாமதமாகத்தான் வந்து சேரும். கம்பியைச் செருகினோம், தீர்ந்தது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, காணொலியின் முன்னால் கைதட்டும் படம் ஒன்றையும் கைதட்டும் ஒலியையும் ஒரே பிரேமில் வைத்துப் போட்டுப் பார்ப்பது. அது பிசகினால் குற்றம் உங்கள் குறிகளில் இல்லை. அதேபோல, தொகுக்கும்போது முன்னோட்டத்தில் படம் திக்கித் திக்கி ஓடினால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மெதுவான கணினி பிரேம்களை விழுங்கிவிடும். ஒரு பகுதியை மட்டும் காணொலியாக ஏற்றுமதி செய்து, அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

கம்பி செருகி இரண்டாம் முறை போட்டபோது பாட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தொடையில் தட்டிக்கொண்டே பார்த்தார். ஓரிடத்தில்கூடக் கை தவறவில்லை. முடிந்ததும் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

“எல்லாம் சரியா இருக்கு டீச்சர். ஆனா உங்க படத்துல பொம்பளைங்க முன்னால நடந்துகிட்டே நடுறாளுவளே, நட்ட நாத்தை மிதிக்க மாட்டாளுவளா?”

பின்னால் நகர்ந்துகொண்டேதான் நடுவார்கள். பிள்ளைகள் அந்த ஆறு படங்களையும் சரியாகத்தான் வரைந்திருந்தார்கள், அடுக்கும்போது வரிசையைத் தலைகீழாக்கியது நான். அன்று மாலையே உட்கார்ந்து ஆறையும் கழற்றி, பின்னிருந்து முன்னாக மாற்றி வைத்தோம். குறிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்ததால் ஒவ்வொரு படமும் தன் தட்டில் போய் ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது அந்தத் திருத்திய படத்தைப் போடுகிறேன், பாருங்கள். ஒலிபெருக்கியின் கம்பியை யாராவது ஒருவர் சரிபார்த்துவிடுங்கள்.